போன வாரம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள்

புள்ளியியலில் முதுகலை கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மருந்துப் பரிசோதனைத் துறைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். புதிய மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்து, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எண்களால் தீர்மானிக்கும் துறை அது. வேலை விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று உயிரிப் புள்ளியியலாளர், இன்னொன்று புள்ளியியல் புரோகிராமர். இரண்டுக்கும் கேட்ட படிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தரவைக் கணக்கிட உதவும் சாஸ் என்ற புரோகிராம் மொழி தெரியவேண்டும், ஆர் மொழி தெரிந்தால் நல்லது, குழுவாக வேலை செய்யத் தெரியவேண்டும். இந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும், அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார்கள் என்பது விளங்கவில்லை. எங்கள் பேராசிரியர்கள் கோட்பாட்டில் பெரியவர்கள். ஆனால் அவர்களில் யாரும் அந்த வேலையைச் செய்தவர்கள் இல்லை.

அப்போதுதான் அந்தத் துறையில் நீண்ட காலம் இருந்த ஒருவரிடம் இருபது நிமிடம் பேசக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். வேலை கேட்டு இல்லை, அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள. இப்போது நானே அந்தத் துறையில் இருக்கிறேன், எனக்கும் மாணவர்களிடமிருந்து அப்படிப்பட்ட கடிதங்கள் வருகின்றன. எழுதியவளாகவும் படிப்பவளாகவும் பார்த்தவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கல். தெரிந்தவர்களிடம் கேட்கத்தான் மனம் போகும். ஆனால் நம்மோடு நெருங்கிப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைக் காட்டியிருக்கிறார். அறிமுகமானவர் வழியாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்த அறிமுகத்தை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்திப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் ஆராய்ந்தது வேலை கிடைத்த விதத்தை. நான் தேடியது வேலை பற்றிய தகவலை. ஆனால் காரணம் ஒன்றுதான்: தள்ளி நிற்பவர்கள் நாம் போகாத இடங்களுக்குப் போய்வருகிறார்கள்.

முற்றிலும் அறிமுகமே இல்லாதவருக்கு எழுதுவது எளிதல்ல. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு நூல் வேண்டும். எனக்குக் கிடைத்த நூல் ஓர் இணையவழி உரை. நோயாளிகள் பரிசோதனையின் நடுவிலேயே மருந்தை நிறுத்திவிட்டால் அவர்களுடைய தரவை என்ன செய்வது என்பது அதன் பொருள். பேசியவர் மூத்த உயிரிப் புள்ளியியலாளர். வலி அதிகமானதால் மருந்தை நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், மருந்து பலனளித்ததுபோலவே இருக்கும் என்று அவர் விளக்கினார். வகுப்பில் நாங்களும் இதைப் படித்திருந்தோம். ஆனால் அவர் சொன்ன இன்னொரு வரி புதிது. இப்படிப்பட்டவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று முதல் நோயாளி சேருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவிட வேண்டும் என்றார். மருந்துகளுக்கான விதிமுறைகளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக வகுக்கும் ஐ.சி.எச். அமைப்பு 2019-இல் இறுதி செய்த இ9 (ஆர்1) வழிகாட்டுதல் அதைத்தான் வலியுறுத்துகிறது என்றும் சொன்னார். யார் அந்த முடிவை எடுக்கிறார்கள்? மருத்துவரா, புள்ளியியலாளரா? இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வி கிடைக்கும் வரை கடிதம் எழுதவேண்டாம் என்பதுதான் மாணவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது. 'உங்கள் துறை பற்றித் தெரிந்துகொள்ள ஆர்வம்' என்பது கேள்வி இல்லை. அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக ஒன்று இருக்கவேண்டும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கேள்வியை இணையத்தில் தேடிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தால் அதை விட்டுவிட்டு, அந்தப் பதிலிலிருந்து எழும் அடுத்த கேள்வியை எடுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான் கேட்க வேண்டியது.

நான் அனுப்பிய மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்தது. பொருள் வரியில் 'புள்ளியியல் மாணவி: உங்கள் பணி பற்றி 20 நிமிடம் பேச வேண்டுகோள்' என்று போட்டிருந்தேன்.

"வணக்கம் மேடம். நான் புள்ளியியல் முதுகலை கடைசி ஆண்டு மாணவி. நடுவில் மருந்தை நிறுத்தும் நோயாளிகள் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். அவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பரிசோதனை தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்றீர்கள். அந்த முடிவு எடுக்கும் பேச்சில் புள்ளியியலாளரின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படிப்பு முடிந்ததும் உயிரிப் புள்ளியியலாளராகப் போவதா, புள்ளியியல் புரோகிராமராகப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு வேலைகளின் அன்றாடம் எப்படி வேறுபடுகிறது என்பது என் இரண்டாவது கேள்வி.

அடுத்த மூன்று வாரங்களில் உங்களுக்கு வசதியான ஒரு நாளில் 20 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் ஓய்வாக இருப்பேன். வேறு நேரம் என்றாலும் மாற்றிக்கொள்கிறேன். வேலை வாய்ப்பு கேட்டு எழுதவில்லை. இப்போது நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, அந்த உரைக்கே என் நன்றி."

அவ்வளவுதான். தன்விவரக் குறிப்பை இணைக்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. அதை இணைத்த கணமே கடிதம் விண்ணப்பமாக மாறிவிடும். படிப்பவர், 'எங்கள் குழுவில் இப்போது இடம் இருக்கிறதா, மனிதவளத் துறைக்கு அனுப்பவேண்டுமா' என்று யோசிக்கத் தொடங்குவார். 'இடம் இல்லை' என்பது ஒரு வரியில் முடிகிற பதில். பேச வந்த விஷயம் அத்தோடு போய்விடும். அவரே கேட்டால் அப்போது அனுப்பலாம்.

அப்புறம் 'வேலை கேட்டு எழுதவில்லை' என்ற வரி. அதை எழுதினால் அதன்படி நடக்கவேண்டும். எனக்கு வருகிற கடிதங்களில் சிலர் அப்படி எழுதிவிட்டு, பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் 'உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களா' என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை, வேலை தேடுகிற காலத்தின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்கிற எல்லாமே எச்சரிக்கையாகிவிடுகிறது. ஆள் எடுப்பதில் பங்கு உள்ளவராக நான் பேசத் தொடங்கிவிடுகிறேன். என் வேலையில் எது அலுப்பு, யாருக்கு இது ஒத்துவராது என்பதை எல்லாம் அந்த நிலையில் மனம் விட்டுச் சொல்ல முடியாது. மாணவர் இழப்பது அதைத்தான். வேலை வேண்டுமென்றால் நேராக வேலை கேட்டே எழுதலாம், அது முறையான காரியம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.

பதில் உடனே வரவில்லை. பத்து நாள் போல விட்டு, அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே மூன்று வரி எழுதினேன்: முன்பு எழுதியதை நினைவூட்டுகிறேன், இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதமும் எனக்கு ஏற்றதுதான், நன்றி. அதற்குப் பதில் வந்தது. "தரவுத்தளம் பூட்டும் வாரம், அதனால் பார்க்கவில்லை. வரும் வியாழன் பேசலாம்." அப்போது அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். பரிசோதனை முடிந்து, எல்லாப் பதிவுகளையும் சரிபார்த்து, இனி யாரும் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாதபடி தரவுத்தளத்தைப் பூட்டுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களில், தெரியாதவர்களின் கடிதத்துக்கு இந்தத் துறையில் யாரும் பதில் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு துறையிலும் இப்படிப்பட்ட வாரங்கள் உண்டு. கணக்குத் தணிக்கையாளருக்கு ஆண்டு முடிவு, ஆசிரியருக்குத் தேர்வுக் காலம். அதனால் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு முறை நினைவூட்டுவது சரி. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மூன்றாவது கடிதம் அவரைச் சங்கடப்படுத்தும். லிங்க்ட்இன், அலுவலக எண் என்று வேறு வழிகளில் துரத்துவது அதைவிட மோசம்.

பேசப் போகும் முன் ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதிவைத்தேன். இருபது நிமிடத்தில் நான்குக்கு மேல் போகாது. முக்கியமானதை முதலில் வைத்தேன், ஏனென்றால் அவசர அழைப்பு வந்து அவர் பத்தாவது நிமிடத்திலேயே போகவேண்டி வரலாம்.

முதல் கேள்வி: "போன வாரம் நீங்கள் என்னென்ன வேலை செய்தீர்கள் மேடம்?"

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நான் கேட்ட கேள்விகளிலேயே பலன் தந்தது இதுதான். 'உங்கள் வேலை எப்படி இருக்கும்' என்று கேட்டால், யாரும் தம் துறையைப் பற்றி மேடையில் சொல்லும் பதிலைத்தான் சொல்வார்கள். சவாலானது, நோயாளிகளுக்குப் பயன்படுவது, தினமும் புதிதாகக் கற்கலாம் என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் முடிவெடுக்க உதவாது. போன வாரம் என்று கேட்டால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அவர் அப்படியே சொன்னார். திங்கள் முழுவதும் ஒரு புதிய பரிசோதனையின் திட்ட ஆவணத்தைப் படித்துத் திருத்தம் எழுதினாராம். செவ்வாய் காலை மருத்துவர்களோடு நீண்ட கூட்டம், மருந்து பலன் தந்தது என்பதை எந்த அளவீட்டை வைத்து, எத்தனையாவது வாரத்தில் பார்ப்பது என்று ஒரே விவாதம். புதன் கிழமை, இன்னொரு பரிசோதனையின் இறுதி அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளின் வெற்று வடிவங்களைச் சரிபார்த்தார். தரவு இல்லாமல், தலைப்பும் பத்திகளும் மட்டும் இருக்கும் அட்டவணைகள் அவை. வியாழனும் வெள்ளியும் பகுப்பாய்வுத் திட்டம், அதாவது தரவை எந்த முறையில் கணக்கிடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் ஆவணம், எழுதுவதில் போயின.

"புரோகிராம் எழுதினீர்களா மேடம்?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒரு வரிகூட இல்லைம்மா. மாதிரி எண்ணிக்கை கணக்கிட எப்போதாவது எழுதுவேன். என் வேலையில் பாதிக்கு மேல் எழுத்தும் பேச்சும்தான்."

எனக்கு இது பெரிய செய்தி. வகுப்பில் எனக்குப் பிடித்தது புரோகிராம் எழுதி, அது ஓடி, எண் வந்து நிற்கிற அந்தத் தருணம். அதை விரும்பித்தான் இந்தத் துறையைப் பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்த வேலைக்கு அவர் செய்துகொண்டிருந்த வேலை பொருந்தவே இல்லை.

கடிதத்தில் கேட்ட கேள்விக்கும் அந்தச் செவ்வாய்க் கூட்டத்திலிருந்தே பதில் கிடைத்தது. மருந்தை நிறுத்தியவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டால் பதில் வராது என்றார். "நோயாளி மருந்தை நிறுத்திய பிறகும் அவர் உடல்நிலை எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கு முக்கியமா, இல்லை மருந்தைத் தொடர்ந்தவரைக்கும் எப்படி இருந்தது என்பது முக்கியமா, இப்படித்தான் நான் கேட்பேன். மருத்துவ ரீதியாக எது முக்கியம் என்று அவர்கள் சொல்வார்கள். அதைக் கணக்காக மாற்றுவது என் பொறுப்பு." எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். எந்த முறையில் கணக்கிடுவது என்பது அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது கேள்வியாக, புரோகிராமரின் நாள் எப்படி வேறுபடும் என்று கேட்டேன். மருத்துவமனைகளிலிருந்து வருகிற பதிவுகளை முதலில் ஒரே தரமான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், சிடிஸ்க் அமைப்பின் தரநிலைகள் அதற்கு உண்டு. அதிலிருந்து பகுப்பாய்வுக்கு ஏற்ற தரவுத் தொகுப்புகளை உருவாக்கி, அறிக்கைக்கான அட்டவணைகளை எடுப்பது அவர்கள் வேலை. முக்கியமான அட்டவணைகளை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் புரோகிராமை மற்றவர் பார்க்காமல், எழுதுவார்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் அட்டவணை வெளியே போகும். ஒரு எண் வேறுபட்டாலும் யாருடைய புரிதல் தவறு என்று தேடவேண்டும். "அந்தத் தேடலில் சலிப்பு வராதவர்கள் அங்கே நன்றாக வருவார்கள்" என்றார்.

மூன்றாவதாக, இந்த வேலையை விட்டுப் போகிறவர்கள் எதனால் போகிறார்கள் என்று கேட்டேன். 'உங்களுக்கு எது பிடிக்கவில்லை' என்று கேட்டால் பதில் சொல்பவருக்குத் தயக்கம் வரும். பிறரைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, புதிய முறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்றார். மருந்துக்கு அனுமதி தரும் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட முறையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தமுடியும். அதோடு, எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேண்டும். அறிக்கையில் இருக்கும் எந்த எண்ணையும் பிடித்துக்கொண்டு, அது எந்த நோயாளியின் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் காட்ட முடியவேண்டும். ஆராய்ச்சி மனம் கொண்டவர்களுக்கு அது மூச்சு முட்டும் என்றார்.

நான்காவது கேள்வி என் அடுத்த மாதங்களைப் பற்றியது. எனக்கு இது ஒத்துவருமா என்று நானே சோதித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். 'என்ன கோர்ஸ் படிக்கலாம்' என்று கேட்டிருந்தால் நாலு கோர்ஸ் பெயர் கிடைத்திருக்கும். சோதிக்க வழி கேட்டதால் வேறு பதில் வந்தது.

"ClinicalTrials.gov தளத்தில் போய் ஏதாவது ஒரு பரிசோதனையின் பகுப்பாய்வுத் திட்டத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிம்மா. அதில் வரும் ஒரு அட்டவணையை எடுத்துக்கொண்டு, போலித் தரவு செய்து, நீயே அதைப் போட்டுப் பார். எது பிடித்தது என்று கவனி. படிக்கும்போது, இதை ஏன் இப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்கத் தோன்றினால் புள்ளியியலாளர் பக்கம் வா. அட்டவணை போடும்போது நேரம் போவது தெரியவில்லை என்றால் புரோகிராமர் பக்கம் போ. இரண்டிலும் தூக்கம் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்."

மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் தளம் அது. அங்கே இப்படிப்பட்ட ஆவணங்கள் கிடைப்பதற்குக் காரணம் ஓர் அமெரிக்க விதி. அங்கே முடிவுகளைப் பதியவேண்டிய பரிசோதனைகளில், 2017 ஜனவரி 18 அன்றோ அதற்குப் பிறகோ முதன்மை அளவீட்டுக்கான தரவு சேகரிப்பு முடிந்தவற்றுக்கு, திட்ட ஆவணத்தையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் சேர்த்து வெளியிடவேண்டும். அந்தப் பரிசோதனையின் பக்கத்தில் Study Documents என்ற பகுதியில் இருக்கும். இந்தத் துறையைப் பற்றி யோசிக்கிற யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

பதினெட்டாவது நிமிடத்தில் நானே சொன்னேன், "மேடம், நான் கேட்ட நேரம் முடியப்போகிறது. இன்னும் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன்." நேரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் கேட்டவர்தான். பெரியவர்களுக்கு, போதும் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அவருக்கு நேரம் இருந்தால் அவரே நீட்டிப்பார். அன்று நீட்டித்தார்.

அந்த ஒன்றே ஒன்று: "புரோகிராமராக இருக்கும் யாரிடமாவது இதே கேள்விகளைக் கேட்கலாமா?" ஒருவருடைய போன வாரம் ஒருவருடையது மட்டுமே. அவர் மூத்தவர். பல பரிசோதனைகளைக் கவனிப்பவர். புதிதாகச் சேர்கிறவரின் வாரம் அப்படி இருக்காது. மருந்தை உருவாக்கும் நிறுவனத்தில் இருப்பவரின் வாரமும், அந்த நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் பரிசோதனையை நடத்திக்கொடுக்கும் நிறுவனத்தில் இருப்பவரின் வாரமும் வேறு. ஒரே உரையாடலை வைத்து முடிவெடுத்தால் ஒரு மனிதரின் சுபாவத்தைத் துறையின் சுபாவம் என்று எடுத்துக்கொள்கிற ஆபத்து உண்டு. அவர் தன் குழுவில் இருந்த, சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஒரு புரோகிராமருக்கு எழுதிக் கேட்டுவிட்டு, பிறகு அவருடைய முகவரியை எனக்குத் தந்தார்.

அந்த அண்ணனோடு பேசியபோது படம் கொஞ்சம் மாறியது. இரண்டு வேலைகளுக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை என்றும், ஆனால் ஒரு பக்கத்தில் ஐந்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டால் மறுபக்கம் தாவும்போது திரும்ப இளையவராகத் தொடங்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மேடம் ஒரு மாதத்தில் எழுதுகிற பகுப்பாய்வுத் திட்டத்தில் எங்கே தெளிவு இல்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பது நாங்கள்தான், ஏனென்றால் அதைப் புரோகிராமாக எழுதப் போகும்போதுதான் ஓட்டை தெரியும் என்றார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போனது. இரண்டு வேலைகளும் சந்திக்கிற இடம் அதுதான் என்று புரிந்தது.

நன்றி மின்னஞ்சலை இருவருக்கும் மறுநாளே அனுப்பினேன். அதில் எழுதியது மூன்றே வாக்கியம்: எந்தப் பதில் என் எண்ணத்தை மாற்றியது, அதனால் அடுத்து என்ன செய்யப்போகிறேன், நேரம் கொடுத்ததற்கு நன்றி. பிறகு இரண்டு மாதம் கழித்து மேடத்துக்கு இன்னொன்று அனுப்பினேன். நீரிழிவு மருந்து ஒன்றின் பகுப்பாய்வுத் திட்டத்தை முழுதாகப் படித்தேன், நடுவில் வேறு மருந்துக்கு மாறியவர்களை அதில் எப்படிக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்ற பகுதியில்தான் அதிக நேரம் நின்றேன், அட்டவணை போடுவதும் பிடித்தது, ஆனால் போட்டு முடித்ததும் திரும்ப அந்தப் பகுதிக்கே போனேன் என்று எழுதினேன். பதில் சற்று நீளமாகவே வந்தது. நான் நின்ற அந்த இடத்தைப் பற்றி அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது. சொன்னதைச் செய்துபார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு என்பது, கடிதங்கள் என் பக்கம் வரத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. எத்தனையோ பேரிடம் அதே தளத்தைச் சொல்லியிருக்கிறேன். படித்தேன் என்று திரும்ப எழுதுகிறவர்களின் பெயர் மட்டும் மறப்பதே இல்லை.

இந்தத் துறையில் கேட்கக் கூடாத ஒன்றும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் பரிசோதனை எப்படிப் போகிறது என்று கேட்கவேண்டாம். யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது பெரும்பாலான பரிசோதனைகளில் மறைக்கப்பட்டிருக்கும். முடிவு தெரிந்தவர்களும் அது வெளியாகும் வரை சொல்லக்கூடாது, ஏனென்றால் அது நிறுவனத்தின் பங்கு விலையை அசைக்கும் தகவல். கேட்பவர் அறியாமல் கேட்டாலும் பதில் சொல்பவர் சட்டெனப் பேச்சை மூடிக்கொள்வார். வெளியான முடிவுகள், ஆய்விதழில் வந்த கட்டுரைகள் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பளத்தையும் 'உங்களுக்கு எவ்வளவு' என்று கேட்கவேண்டாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு வேலைகளிலும் பெரிய வித்தியாசம் இருக்குமா என்று கேட்டால், சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள்.

நான் கடைசியில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் இளநிலைப் புள்ளியியலாளராகச் சேர்ந்தேன். முதல் ஆண்டு முழுவதும் அட்டவணைகளைச் சரிபார்க்கும் வேலைதான் அதிகம். ஆனால் அது வருகிறது என்று முன்பே தெரிந்திருந்ததால் ஏமாற்றம் இல்லை. மேடம் இருந்த நிறுவனத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை, அப்போது அங்கே புதியவர்களுக்கு இடமும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி என்னிடம் இருபது நிமிடம் கேட்டாள். அவளுக்கும் அதே சோதனையைச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து எழுதியிருந்தாள்: "அக்கா, இரண்டு தடவை முயன்றேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. ஆனால் எத்தனை நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பகுதியை மட்டும் மூன்று முறை படித்தேன். எனக்கு மருந்தைவிட மாதிரி எடுக்கும் முறைதான் பிடித்திருக்கிறது போல." மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுச் செலவு ஆய்வு போன்றவற்றுக்கு மாதிரி வடிவமைப்பவர்கள் தனி உலகம். அங்கே வேலை செய்யும் என் வகுப்புத் தோழியிடம் கேட்டுவிட்டு, அவளுடைய மின்னஞ்சலை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். முதல் கேள்வி என்ன கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது.